அப்பா அம்மாவுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நான், மனைவி, ஏழு வயசுப் பையன். கூட அப்பாவுக்கு 66, சர்க்கரையும் பிரஷரும் இருக்கு. அம்மாவுக்கு 62, முட்டி வலி. மஞ்சக்குப்பத்துல இருக்கோம். அஞ்சு பேருக்கும் ஒரே பாலிசி போட்டுடலாமா?

வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். நீங்கள் மூவரும் ஒரு ஃப்ளோட்டர், அதாவது ஒரே தொகையைக் குடும்பம் முழுக்கப் பங்கிட்டுக்கொள்ளும் பாலிசி. பெற்றோர் இருவருக்கும் தனி.

ஃப்ளோட்டர் பாலிசியில் பிரீமியத்தைப் பெரும்பாலும் மூத்தவரின் வயதுதான் தீர்மானிக்கும். உங்களுக்கு 38 வயது என்றால், அதற்குக் கட்ட வேண்டிய இடத்தில் 66 வயதுக்கான கணக்கில் எல்லோரும் வந்துவிடுவீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல், தொகை பொது என்பது. 10 லட்ச ரூபாய் பாலிசியில் அப்பாவின் இதய சிகிச்சைக்கு 7 லட்சம் போனால், அந்த ஆண்டு முழுக்க மீதி நால்வருக்கும் சேர்த்து 3 லட்சம்தான். சில பாலிசிகளில் தீர்ந்த தொகையை மறுபடி நிரப்பித் தருவார்கள். ஆனால் அதே ஆளின் அதே நோய்க்கு அது செல்லுமா என்று விதிமுறையைப் பார்த்துதான் நம்ப வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 60 வயதைத் தாண்டியவர் பாலிசியில் இருந்தால் கோ-பே, அதாவது பில்லில் ஒரு பங்கை நாமே கட்டும் நிபந்தனை, பல இடங்களில் சேர்ந்து வரும். அது உங்கள் பையனின் டெங்குக் காய்ச்சல் பில்லிலும் வந்து நிற்கக் கூடாது.

காத்திருப்புக் காலம்னு ஏஜென்ட் மூணு மாதிரி சொல்றார். எது எதுக்கு?

மூன்று கடிகாரங்கள் ஒரே நாளில் ஓடத் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெற்றோர் பாலிசி 2026 ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது.

முதல் கடிகாரம் 30 நாள். அதற்குள் வரும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதற்கும் பணம் வராது. விபத்து மட்டும் விதிவிலக்கு. ஏப்ரல் 4-ஆம் தேதி அப்பா பைக்கிலிருந்து விழுந்து கை முறிந்தால் கிளைம் உண்டு. ஏப்ரல் 20-ல் டெங்கு என்றால் இல்லை. மே மாதத்தில் அதே டெங்கு வந்தால், அவருக்குச் சர்க்கரை இருந்தாலும், கிளைம் உண்டு. டெங்குக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, பெயர் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கானது. கண்புரை, குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், கர்ப்பப்பை அகற்றுதல், முட்டி மாற்று என்று ஒரு பட்டியல் பாலிசியிலேயே இருக்கும். வழக்கமாக 24 மாதம். 36 மாதத்துக்கு மேல் வைக்க விதி இடம் கொடுக்காது. 24 என்றால் உங்கள் கணக்கில் 2028 ஏப்ரல் 1. அதற்குமுன் நோய் புதிதாக வந்தாலும் கிடைக்காது என்பதுதான் பலர் கவனிக்காத இடம். "பாலிசி எடுத்த பிறகுதானே கல் வந்தது" என்று வாதாடிப் பயனில்லை. விபத்தால் வந்த தேவை என்றால் இந்தக் கடிகாரம் பொருந்தாது.

மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கானது. 2024-க்கு முன் 48 மாதம் வரை வைக்க முடிந்தது; இப்போது உச்சவரம்பு 36 மாதம். அப்பாவின் சர்க்கரை, பிரஷர், அவற்றால் நேராக வரும் பாதிப்புகள் எல்லாம் 2029 ஏப்ரல் 1 வரை காத்திருக்கும். 36 என்பது உச்சவரம்புதான். 24, 12 மாதம் வைக்கிற பாலிசிகளும், கூடுதல் பிரீமியம் கட்டிக் குறைத்துக்கொள்கிற வசதியும் உண்டு. பெற்றோருக்கு எடுக்கும்போது நான்கு பாலிசிகளை ஒப்பிட நேரமில்லை என்றால், இந்த ஒரு எண்ணையாவது ஒப்பிடுங்கள்.

அம்மா முட்டிக்கு எந்தக் கடிகாரம்? ரெண்டு வருஷமா மூணு வருஷமா?

கடந்த மூன்று ஆண்டுக்குள் எலும்பு மருத்துவரிடம் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, "தேய்மானம்" என்று சீட்டில் எழுதியிருந்தால் அது ஏற்கெனவே இருக்கும் நோய். இரண்டு காத்திருப்பும் ஒன்றாகப் பொருந்தினால் நீளமானதுதான் செல்லும். ஆக 36 மாதம். தைலம் தேய்த்துக்கொண்டு, எந்த மருத்துவரிடமும் போகாமல் இருந்தவர் என்றால் 24.

இதைப் படித்துவிட்டு "அப்ப டாக்டர்கிட்ட போகாமலே பாலிசி எடுத்துடலாம்" என்று தோன்றும். முட்டிக்கு வேண்டுமானால் அது ஓடும். நெஞ்சு வலியை அப்படித் தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரையைச் சொன்னா பிரீமியம் ஏறும், சில கம்பெனி எடுக்கவே மாட்டாங்க. எழுதாம விட்டுட்டா என்ன? எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலிருந்தே வந்துவிடும். அப்பாவை நெஞ்சு வலி என்று அட்மிட் செய்கிறீர்கள். இரவுப் பணி மருத்துவர் படுக்கை அருகில் நின்று "ஐயா, சுகர் எத்தனை வருஷமா?" என்று கேட்கிறார். அவர் "அது கிடக்கு தம்பி, பத்துப் பன்னெண்டு வருஷமா" என்கிறார். அந்த ஒரு வரி கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரியில் "12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்" என்று அச்சாகி, கிளைம் பார்க்கிற மேசைக்குப் போகிறது. பாலிசி தொடங்கி 14 மாதம்தான் ஆகியிருக்கிறது. பாலிசிக்கு விண்ணப்பித்த ப்ரொபோசல் ஃபார்மில் "இல்லை" என்று இருக்கிறது. கிளைம் கைவிட்டுப் போகும். பாலிசியையே ரத்து செய்யவும் அவர்களால் முடியும். 67 வயதில் ரத்தான பாலிசியோடு இன்னொரு கம்பெனிக்குப் போனால், "முன்பு ரத்து ஆகியிருக்கிறதா?" என்பதே முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.

இதில் இன்னொரு தொல்லை: உண்மையாகவே எட்டு வருடம்தான் என்றாலும், அப்பா போகிற போக்கில் பன்னிரண்டு என்று சொல்லிவிடுவார். எனவே முதலில் பரிசோதித்த தேதி, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அட்மிஷனின்போது நீங்களே கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். தவறான ஆண்டு இருந்தால், பழைய சீட்டைக் காட்டி மருத்துவரையே அங்கேயே திருத்தித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு திருத்தி வாங்கினால் சந்தேகம்தான் வரும்.

ஃபார்மை ஏஜென்ட் நிரப்புவார், நீங்கள் மொபைலுக்கு வரும் ஓடிபியை மட்டும் சொல்வீர்கள். கோளாறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இணைத்திருக்கும் ப்ரொபோசல் நகலைத் திறந்து, நோய் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே என்ன பதில் இருக்கிறது என்று பாருங்கள். தவறு இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள். பாலிசி வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கவும் செய்யலாம்; சிறு பிடித்தம் போகப் பணம் வரும்.

அஞ்சு வருஷம் தாண்டிட்டா எதையும் கேக்க முடியாதுன்னு சொல்றாங்களே?

இடைவிடாமல் 60 மாதம் பிரீமியம் கட்டியிருந்தால், அதன்பின் "நோயை மறைத்தீர்கள்" என்று சொல்லிக் கிளைமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும் முடியும். 2024-ல் எட்டு ஆண்டாக இருந்ததை ஐந்தாகக் குறைத்தார்கள். அந்த ஐந்து ஆண்டும் அப்பாவுக்கு ஒன்றும் வராது என்று பந்தயம் கட்ட முடியுமானால் மறைக்கலாம். 66 வயதில் அந்தப் பந்தயம் வேண்டாம்.

எவ்வளவு தொகைக்கு எடுக்கணும்? 5 லட்சம் போதுமா?

தொகையை மட்டும் பார்த்தால் பதில் தவறிப்போகும். ரூம் வாடகை வரம்பையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கணக்கு:

பாலிசி 5 லட்சம், அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. கிடைத்த அறை 8,000 ரூபாய், நான்கு நாள். அறைக்கு 32,000, மருத்துவர், மயக்க மருந்து, தியேட்டர், நர்சிங் சேர்த்து 1,60,000, மருந்து, உள்ளே வைக்கும் கருவி, டெஸ்ட் எல்லாம் 1,30,000. மொத்தம் 3,22,000. "5 லட்சம் இருக்கே, முழுசும் வந்துடும்" என்றுதான் தோன்றும்.

வருவது இப்படி: அறைக்கு நான்கு நாளும் 5,000 வீதம் 20,000. அறை வாடகை எந்த விகிதத்தில் கூடியதோ அதே விகிதத்தில் மருத்துவர், தியேட்டர் கட்டணத்தையும் வெட்டுவார்கள். 8-ல் 5 பங்கு, அதாவது 1,00,000. மருந்து, கருவி, டெஸ்டில் இந்த வெட்டு கூடாது என்பது விதி, அதனால் 1,30,000 முழுசாக. மொத்தம் 2,50,000. கையிலிருந்து 72,000. பாலிசியில் 20 சதவீதக் கோ-பேயும் இருந்தால் இன்னும் 50,000 போய், கைக்காசு 1,22,000 ஆகிவிடும். அறையில் நாளுக்கு 3,000 ரூபாய் கூடியது இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது. எல்லா அறைக்கும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் இந்த விகித வெட்டு பொருந்தாது. அதை பில்லிங் கவுண்டரில் எழுதி வாங்குங்கள்.

ஆகவே உங்கள் மூவருக்கும் அறை வரம்பு இல்லாத, அல்லது "தனி ஒற்றை அறை" என்று மட்டும் சொல்கிற 10 லட்சம் நியாயமான தொடக்கம். பெற்றோருக்கு அதே நிபந்தனையோடு 5 லட்சமும், அதற்குமேல் சூப்பர் டாப்-அப்பும். அறை வரம்பும் 20 சதவீதக் கோ-பேயும் உள்ள 10 லட்சத்தைவிட, அவை இல்லாத 5 லட்சம் நடைமுறையில் உதவும்.

பெற்றோர் தொகையை "பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். ஏற்றிய பகுதிக்குக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 2029-ல் 5 லட்சத்தை 10 ஆக்கினால், அப்பாவின் சர்க்கரை சார்ந்த கிளைமுக்குப் பழைய 5 லட்சம்தான் உடனே கிடைக்கும். ஏற்றிய 5 லட்சம் 2032 வரை காத்திருக்கும்.

டாப்-அப்பா, சூப்பர் டாப்-அப்பா?

சூப்பர். இரண்டிலும் ஒரு வரம்பு இருக்கும், 5 லட்சம் என்று வைப்போம்; அதற்கு மேல் போனால்தான் பணம் தரும். ஒரே ஆண்டில் அப்பா இருமுறை அட்மிட் ஆகிறார். ஒரு பில் 3.5 லட்சம், இன்னொன்று 3 லட்சம். சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். இரண்டுமே 5 லட்சம் தாண்டவில்லை, ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்து, 6.5 லட்சத்தில் 1.5 லட்சம் தரும். இதற்கும் தனிக் காத்திருப்பு உண்டு என்பதால் அடிப்படைப் பாலிசி தொடங்கும் அதே நாளில் இதையும் தொடங்குங்கள்.

ஜிப்மர் இருக்கு, கலைஞர் கார்டு மாதிரி ஒண்ணு இருக்கு. காசு கட்டிப் பாலிசி எதுக்கு?

ஜிப்மரில் செலவு மிகக் குறைவு, திறமையிலும் குறையில்லை. ஆனால் திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்குத் தேதி உங்கள் கையில் இல்லை. நள்ளிரவில் மூச்சுத் திணறினால் கோரிமேடு வரை போவதா, பக்கத்தில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குப் போவதா என்பதை நேரம்தான் முடிவு செய்யும். பாலிசி அந்த இரண்டாவது நிலைமைக்கு.

தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. தகுதி இருந்தால் முதலில் அதை எடுங்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில் 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் சேர்த்தார்கள். அப்பா 70-ஐத் தொடும்போது, நீங்கள் போகும் மருத்துவமனையின் திட்ட மேசையில் அந்த அட்டை அங்கே செல்லுமா என்று நேரில் கேளுங்கள். தனியார் பாலிசி இருப்பதால் அதற்குத் தகுதி போகாது.

பாலிசி கடலூர் விலாசத்துல. பெரிய ஆபரேஷன்னா சென்னைக்குத்தானே போவோம், பணம் வருமா?

வரும், ஆனால் ஒரு வரியைப் பாருங்கள். சில கம்பெனிகள் ஊர்களை மண்டலமாகப் பிரித்து, சிறிய ஊர்க்காரருக்குக் குறைந்த பிரீமியம் வாங்குகின்றன. அந்தப் பாலிசியோடு பெருநகர மருத்துவமனைக்குப் போனால் ஒரு பங்கு கோ-பே விழும். இந்த ஊர்க்காரர்களுக்கு இது வெறும் நிபந்தனை இல்லை; பெரிய சிகிச்சையே சென்னையில்தான் நடக்கும். மண்டலக் கோ-பே இல்லாததை எடுங்கள், அல்லது கூடுதல் பிரீமியம் கட்டி மண்டலத்தை மாற்றுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு: தெருமுனை நர்சிங் ஹோம். 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் மருத்துவமனை என்று ஏற்க, உள்ளூர் அதிகாரியிடம் பதிவு இருக்க வேண்டும்; அல்லது குறைந்தது 10 படுக்கை, இரவும் பகலும் மருத்துவர், நர்ஸ், சொந்த அறுவை அரங்கு இவையெல்லாம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்து பில்லுக்குப் பணம் வராது.

மூணு வருஷம் சும்மா கட்டிட்டே இருக்கணுமா? அதுவரை அப்பாவுக்கு என்ன வழி?

உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடிந்தால் சேருங்கள். பெரும்பாலான குழுப் பாலிசிகளில் காத்திருப்பு கிடையாது. ஆனால் அது வேலையோடு போய்விடும். எனவே சொந்தப் பாலிசியின் கடிகாரம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கட்டும். மூன்று ஆண்டும் அலுவலகப் பாலிசி பாலம் மாதிரி. வேலையை விட நேர்ந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று வெளியேறும் முன்பே கேளுங்கள்.

அந்த வசதி இல்லாதவர்கள், சர்க்கரை, பிரஷர் சார்ந்த அவசரத்துக்கென்று ஒரு தொகையை வங்கியில் தனியாக வையுங்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால் 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்கான பிரீமியத்துக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது. பழைய விலைப் பட்டியலைக் காட்டுபவரிடம் இதைக் கேளுங்கள்.

கிளைமை மறுத்துட்டா?

மறுப்பு எந்த விதி எண்ணின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். மாஹேக்காரர் கொச்சிக்கும், யானம்காரர் ஹைதராபாத்துக்கும் போக வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம்.

ரெண்டு வருஷம் கட்டிட்டோம், சர்வீஸ் சரியில்ல. வேற கம்பெனிக்கு மாறினா மறுபடி மூணு வருஷமா?

இல்லை, கழிந்த காத்திருப்பும் கூடவே வரும். பழைய தொகை வரைக்கும் மட்டும். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னே விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரல் 1 புதுப்பிப்பு என்றால் பிப்ரவரி 10-க்குள் காகிதம் போயிருக்கட்டும். புதிய கம்பெனி அப்பாவின் வயதையும் சர்க்கரையையும் பார்த்து மறுக்கலாம். அதனால் அவர்கள் எழுத்தில் ஏற்கும் வரை பழையதை விடாதீர்கள். பதில் தாமதமானால் பழையதையே புதுப்பித்துவிடுங்கள். தேதி தவறிவிட்டால் 30 நாள் சலுகை உண்டு. அதற்குள் கட்டினால் காத்திருப்புக் கணக்கு அறுபடாது. ஆனால் ஆண்டுப் பிரீமியம் கட்டுபவர் அந்த இடைவெளி நாட்களில் அட்மிட் ஆனால் பில் உங்களுடையதுதான்.